அது கேள்வியா, பதிலா? குரலின் ஏற்ற இறக்கத்தைப் படத்தில் படிப்பது எப்படி?

மோசடிக்காரரிடம் பணத்தைப் பறிகொடுத்த மாது ஒருவர் தொலைபேசி வழி எங்களிடம் பேசினார். வயது அறுபதுக்கு மேல். வீட்டுத் தொலைபேசியில் இருந்து அழைத்திருந்தார். நடந்ததை அவர் சொன்ன விதம் இது:

"அக்கவுண்ட்ட சரிபார்க்கணும்னான். பேங்க் பேரு, கார்டு நம்பர், பொறந்த தேதி எல்லாம் கேட்டான். பணம் வந்துடும். ரெண்டு நாள்ல. நானும் சரின்னு கட்டினேன்."

காணொளிக்கு ஆங்கில வசன வரி போட வேண்டும். "பணம் வந்துடும்" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

அதைச் சொன்னது யார்? மோசடிக்காரர் கொடுத்த வாக்குறுதியா? அப்படியென்றால் முற்றுப்புள்ளி. "பணம் வந்துடும்?" என்று அந்த மாது கேட்டாரா? அப்படியென்றால் கேள்விக்குறி. "ரெண்டு நாள்ல" என்பது அதற்கு வந்த பதில்.

எழுத்தில் "வந்துடுமா?" என்று ஒரு "ஆ" சேர்த்துவிட்டால் குழப்பமே இல்லை. ஆனால் பேச்சில் நாம் எப்போதும் அந்த "ஆ"வைப் போடுவதில்லை. "சாப்ட்டாச்சு?", "கிளம்பிட்டீங்க?" என்று குரலை மட்டும் தூக்கிவிட்டுப் போய்விடுகிறோம்.

இது ஒரு புள்ளிப் பிரச்சினைதானே என்று தோன்றலாம். ஆனால் முற்றுப்புள்ளி வைத்தால், சொன்னதை அப்படியே நம்பிப் பணம் கட்டியவர் ஆகிறார். கேள்விக்குறி வைத்தால், சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தவர். காணொளிக்குக் கீழே வரும் கருத்துகள் எந்தப் பக்கம் சாயும் என்பது அந்தப் புள்ளியில் இருக்கிறது.

பின்னணியில் தொலைக்காட்சிச் சத்தம் வேறு. மூன்று பேர் கேட்டோம். இரண்டு பேர் கேள்வி என்றோம், ஒருவர் இல்லை என்றார். கேட்டுப் பார்த்து முடிவு வராததால், குரலைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

குரலைப் பார்ப்பதா?

ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு பதிவைத் திறந்தால் மேலும் கீழும் அடர்ந்த அலை வடிவம் தெரியும். அதில் எங்கே சத்தம் அதிகம், எங்கே மௌனம் என்று சொல்லலாம். குரல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஸ்பெக்ட்ரோகிராம். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறும். ஓர் இடம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ, அந்த நேரத்தில் அந்த அதிர்வெண்ணில் அவ்வளவு வலு இருக்கிறது என்று பொருள்.

இந்தப் படத்தை வரையும் கணக்கின் பெயர் குறுங்கால ஃபூரியே உருமாற்றம். பெயர்தான் நீளம், வேலை எளிது. ஃபூரியே கணக்கு ஓர் ஒலித்துண்டை எடுத்துக்கொண்டு, அதில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பிரித்துச் சொல்லும். முழு வாக்கியத்தையும் ஒரே துண்டாகக் கொடுத்தால் எல்லாம் கலந்த ஒரே ஒரு பட்டியல்தான் வரும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தெரியாது. ஆகவே ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு துண்டின் விடையும் படத்தில் ஒரு செங்குத்துக் கீற்று. கீற்றுகளை வரிசையாக நிறுத்தினால் படம் தயார்.

அந்தத் துண்டைச் சாளரம் என்பார்கள். ஒலியின் மீது ஒரு சிறிய ஜன்னலை நகர்த்திக்கொண்டே போய், ஜன்னல் வழியே தெரிவதை மட்டும் பார்ப்பதுபோல. அடுத்தடுத்த சாளரங்கள் ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கும் மேல் படிந்தே நகரும். இல்லாவிட்டால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஒலித்தொகுப்பு செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம் பழக்கமானதாக இருக்கும். ஓர் ஒலியை நடுவில் சட்டென்று வெட்டினால் "டக்" என்று சத்தம் கேட்கும். அதனால் வெட்டிய இரண்டு முனைகளிலும் ஒலியை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்குவோம். சாளரத்துக்கும் அதே வைத்தியம்தான். முனைகளில் மெல்ல மறையும்படி செய்யாவிட்டால், அந்த "டக்" படத்தில் மேலிருந்து கீழ்வரை கறையாகப் பரவி, பேச்சில் இல்லாத அதிர்வெண்களை எல்லாம் காட்டும்.

நான் செய்த தவறு

பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்தேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது. மொழி ஒலிகளை ஆராய்பவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது அதைத்தான்.

"வந்துடும்" என்ற சொல்லின் கடைசிப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தடித்த கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று "டும்" என்ற இடத்தில் தெளிவாகக் கீழே சரிந்தது. ஆக, குரல் இறங்குகிறது, கேள்வி இல்லை, முற்றுப்புள்ளி என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒலிப்பிரிவில் நீண்டகாலமாக இருக்கும் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அது சுருதி இல்லம்மா. அது வாய்," என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, குரல் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தொண்டையில் குரல்நாண்கள் திறந்து மூடுகின்றன. வினாடிக்கு 180 முறை அப்படிச் செய்தால் குரலின் அடிப்படை அதிர்வெண் 180 ஹெர்ட்ஸ். நமக்குக் கேட்கும் சுருதி அதுதான். ஆனால் 180 மட்டும் தனியாக வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு 360, மூன்று மடங்கு 540, நான்கு மடங்கு 720 என்று மடங்குகள் அனைத்தும் சேர்ந்தே வரும். இவற்றை ஹார்மோனிக் என்கிறார்கள். படத்தில் இவை சம இடைவெளி விட்ட மெல்லிய கோடுகளாக, ஏணிப்படிகளைப்போல் தெரிய வேண்டும்.

இந்த ஒலி வாய் வழியே வெளியேறும்போது, வாயின் வடிவம் சில பகுதிகளைத் தூக்கிக்கொடுக்கும், சிலவற்றை அமுக்கும். "ஆ" என்று வாயைத் திறந்தால் ஒரு பகுதி வலுப்பெறும். "ஈ" என்றால் வேறு பகுதி. அப்படி வலுப்பெறும் பகுதிகளுக்கு ஃபார்மென்ட் என்று பெயர். அவைதான் நான் பார்த்த தடித்த பட்டைகள்.

"டும்" என்று சொல்லும்போது கடைசியில் உதடுகள் மூடுகின்றன. உதடு மூட மூட ஃபார்மென்ட் கீழே இறங்கும். குரல் மேலே போனாலும் சரி, கீழே போனாலும் சரி, உதடு மூடினால் பட்டை இறங்கத்தான் செய்யும். நான் உதட்டைப் பார்த்துவிட்டுத் தொண்டையைப் பற்றி முடிவு செய்திருக்கிறேன்.

ஸ்பெக்ட்ரோகிராமைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எளிதில் விழும் குழி இது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு "ஆ... ஈ... ஆ... ஈ" என்று பதிவு செய்யுங்கள். சுருதி அசையவே இல்லை. படத்தில் பட்டைகள் மலை ஏறி இறங்கும்.

ஏணிப்படிகள் எங்கே போயின?

ஏன் எனக்கு மெல்லிய கோடுகள் தெரியவில்லை? சாளரத்தின் நீளம்தான் காரணம்.

பிராட் திறந்ததும் சாளர நீளம் 0.005 வினாடி என்று இருக்கும். அதாவது 5 மில்லிவினாடி. இவ்வளவு சிறிய துண்டுக்குள் அதிர்வெண்களைத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. பிராட் பயன்படுத்தும் மணி வடிவச் சாளரத்துக்குக் கணக்கு இப்படி: 1.3ஐச் சாளர நீளத்தால் வகுத்தால், அது எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும் என்று தெரியும்.

1.3 ÷ 0.005 = 260 ஹெர்ட்ஸ்.

படிகளுக்கு இடையே உள்ள தூரமோ 180 ஹெர்ட்ஸ். 260 ஹெர்ட்ஸ் அகலமுள்ள தூரிகையால் 180 ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள படிகளை வரைந்தால் என்ன ஆகும்? எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பட்டையாகிவிடும். ஏணி மறைந்து, வாயின் வடிவம் மட்டும் மிஞ்சும்.

இதில் பிராட் மீது குறை சொல்ல முடியாது. எந்த உயிரெழுத்து, எந்த இடத்தில் மெய்யெழுத்து வெடிக்கிறது என்று பார்க்கிறவர்களுக்கு இந்தப் படம்தான் வேண்டும். எனக்கு வேண்டியது வேறு.

அமைப்புகளில் Window length (s) என்ற கட்டத்தில் 0.005ஐ அழித்துவிட்டு 0.04 என்று போட்டோம். 1.3 ÷ 0.04 = 32 ஹெர்ட்ஸ். இப்போது தூரிகை மெல்லியது. பட்டைகள் கரைந்து, அவற்றின் இடத்தில் ஏணிப்படிகள் வந்தன.

அப்படியானால் இன்னும் நீளமாக, 0.2 வினாடி என்று போட்டால் இன்னும் துல்லியமாக வருமே? வராது. ஏன் என்று பிறகு பார்ப்போம். சாளரம் நீண்டால் அதிர்வெண் தெளியும், நேரம் மங்கும். குறுகினால் நேரம் தெளியும், அதிர்வெண் மங்கும். கணினி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இங்கே பொருட்டல்ல. டென்னிஸ் காபோர் 1946இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த எல்லையைக் கணக்காகவே காட்டிவிட்டார். ஹாலோகிராஃபிக்காக 1971இல் நோபெல் பரிசு பெற்றாரே, அவரேதான்.

கணினிக்கு முன்பே ஸ்பெக்ட்ரோகிராம் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த இயந்திரத்தில் வடிகட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று 300 ஹெர்ட்ஸ் அகலம், இன்னொன்று 45 ஹெர்ட்ஸ். வாயைப் பார்க்க ஒன்று, சுருதியைப் பார்க்க ஒன்று. நான் 0.005ஐ 0.04 ஆக மாற்றியது, அந்த இயந்திரத்தில் வடிகட்டியை மாற்றுவதற்குச் சமம்.

முதல் படியே காணோம்

சரி, ஏணி வந்துவிட்டது. ஆகக் கீழே உள்ள படியைப் பார்த்தால் அது 180இல் இருந்து மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரிந்துவிடும் அல்லவா?

அந்தப் படியே படத்தில் இல்லை.

வழக்கமான வீட்டுத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்தும். அந்த மாதின் அடிப்படை அதிர்வெண் 180. அது வாசலிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் தொலைபேசியில் பேசும் ஆணின் குரல் நமக்கு ஆண் குரலாகத்தான் கேட்கிறது. அடிப்படை ஒலி வராவிட்டாலும், மற்றப் படிகளின் இடைவெளியை வைத்து நம் செவியும் மூளையும் சுருதியைக் கணித்துக்கொள்கின்றன.

நாமும் அதையே படத்தில் செய்யலாம். "டும்" தொடங்கும் இடத்தில் சுட்டியை வைத்து, கண்ணுக்குத் தெரிந்த படிகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். 360, 540, 720. ஒவ்வொன்றுக்கும் இடையே 180. ஆக அடிப்படை 180. கண்ணுக்குத் தெரியும் முதல் கோடு உண்மையில் இரண்டாவது படி. 720 என்பது நான்காவது படி, ஏனென்றால் 720ஐ 180ஆல் வகுத்தால் 4.

ஏன் நான்காவதைத் தேர்ந்தெடுத்தோம்? அடிப்படை 10 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் இரண்டாவது படி 20 நகரும், நான்காவது 40 நகரும். மேலே போகப் போக அசைவு பெரிதாகும். படத்தில் அளவெடுக்கும்போது சில ஹெர்ட்ஸ் தவறு வருவது சகஜம். நான்காவது படியில் 8 ஹெர்ட்ஸ் தவறினாலும் நான்கால் வகுத்தால் 2 ஹெர்ட்ஸ்தான் தவறு. அதற்காக மிக உயரமான படிக்குப் போகவும் முடியாது. "ம்" என்ற ஒலியில் வாய் மூடியிருப்பதால் மேல்படிகள் மங்கிவிடும்.

அந்த நான்காவது கோட்டைக் கடைசிவரை பின்தொடர்ந்தோம். "டும்" 0.2 வினாடி நீடித்தது. கோடு 720இல் தொடங்கி, மெல்ல வளைந்து, 1,040இல் முடிந்தது.

1,040 ÷ 4 = 260.

குரல் 180 ஹெர்ட்ஸிலிருந்து 260 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கிறது. உதடு மூடியதால் பட்டை இறங்கிய அதே இடத்தில், தொண்டை மேலே ஏறியிருக்கிறது. பாட்டு தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: ஷட்ஜத்தில் தொடங்கி, பிரதி மத்தியமத்தைச் சற்றுத் தாண்டும் அளவுக்கு ஏற்றம்.

0.2 வினாடிச் சாளரம் ஏன் வேலைக்கு ஆகாது என்று இப்போது சொல்லலாம். அந்த 0.2 வினாடிக்குள் நான்காவது படி 320 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிட்டது. ஒரே சாளரத்துக்குள் முழு நகர்வும் அடங்கினால், கோடு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய மங்கல்தான் இருக்கும். பக்கத்துப் படிகளோடும் கலந்துவிடும். 0.04 வினாடிச் சாளரத்துக்குள் அதே படி 64 ஹெர்ட்ஸ்தான் நகர்கிறது. இடைவெளி 180க்கு மேல் இருப்பதால் பிரச்சினை இல்லை.

ஆனால் அதே 0.04 வினாடிப் படத்தில் மேலே அண்ணாந்து பார்த்தால் பன்னிரண்டாவது படி குழம்பிக் கிடந்தது. அது ஒரு சாளரத்துக்குள்ளேயே 192 ஹெர்ட்ஸ் நகர்கிறது. கிட்டத்தட்ட அடுத்த படிவரை. குரல் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியின் மேல்பகுதி இப்படிக் கலங்கும். பதிவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கீழ்ப்படிகள் சுத்தமாக இருந்து மேற்படிகள் மட்டும் கலங்கினால், சுருதி வேகமாக மாறுகிறது என்பதற்கு அதுவே ஓர் அடையாளம்.

ஆண் குரல் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். 100 ஹெர்ட்ஸில் பேசுபவரின் படிகள் நெருக்கமாக இருக்கும். அவற்றைப் பிரிக்க நீளமான சாளரம் தேவை. சாளரத்துக்குள் குரல்நாண்கள் குறைந்தது மூன்று நான்கு முறையாவது திறந்து மூட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 100 ஹெர்ட்ஸ் என்றால் 30 முதல் 40 மில்லிவினாடி.

இன்னொரு வழியில் சரிபார்த்தோம்

ஒரு முறை ஏமாந்தவளுக்கு மறுபடியும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

சாளரத்தைப் பழையபடி 0.005க்கு மாற்றிவிட்டு, இந்த முறை பட்டைகளைப் பார்க்காமல், அவற்றினூடே செல்லும் மெல்லிய செங்குத்துக் கீறல்களைப் பார்த்தோம். சாளரம் அவ்வளவு சிறிதாக இருக்கும்போது, குரல்நாண்கள் ஒவ்வொரு முறை அடித்து மூடுவதும் தனித்தனிக் கீறலாகப் பதியும். சீப்பின் பற்களைப்போல.

"டும்" தொடக்கத்தில் பத்து இடைவெளிகளை எண்ணினால் 55 மில்லிவினாடி. அதாவது வினாடிக்கு சுமார் 182. முடிவுக்குச் சற்று முன்னால் அதே பத்து இடைவெளிகள் 40 மில்லிவினாடிக்குள் அடங்கிவிட்டன. வினாடிக்கு 250. பற்கள் நெருங்கியிருக்கின்றன. குரல் ஏறியிருக்கிறது.

ஆக நான் முதலில் பார்த்த அதே படத்தில்தான் விடையும் இருந்திருக்கிறது. தடித்த பட்டையைப் பார்த்த கண் மெல்லிய கீறலைப் பார்க்கவில்லை.

பிராட் தானாகவே சுருதியைக் கணித்து ஒரு நீலக் கோடும் போடும். அதையே பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். பார்த்தோம். ஓரிடத்தில் கோடு 250இலிருந்து சட்டென்று 125க்குக் குதித்தது. சரியாகப் பாதி. தொலைபேசி ஒலியிலும் பின்னணிச் சத்தம் உள்ள பதிவுகளிலும் இது நடப்பதுண்டு. இரண்டு அதிர்வுகளை ஒன்றாக எண்ணிவிட்டால் பாதி வரும். சில சமயம் இரண்டு மடங்கும் வரும். மனிதக் குரல் 10 மில்லிவினாடிக்குள் அப்படிக் குதிப்பது அரிது. எண்ணும் பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருந்தால் கணக்கில்தான் கோளாறு. ஏணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். 125 உண்மையென்றால், இருக்கும் படிகளுக்கு நடுவே ஒவ்வொரு புதிய படி முளைத்திருக்க வேண்டும். இங்கே முளைக்கவில்லை.

புதிய படி முளைப்பதும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். குரல் கரகரத்துத் தாழும்போது அப்படி நடக்கும். சீன மொழிப் பிரிவில் பக்கத்து மேசையில் இருக்கும் தோழி எனக்காக "மா" என்ற அசையை மாண்டரினின் நான்கு தொனிகளிலும் சொல்லிக் காட்டினார். அம்மா என்ற பொருளில் ஏணி நேராக நின்றது. சணல் என்ற பொருளில் ஏறியது. திட்டுவது என்ற பொருளில் சரிந்தது. குதிரை என்ற பொருளில் மட்டும் நடுவில் ஏணியே உடைந்துபோனது. சுருதி அவ்வளவு தாழும்போது குரல்நாண்கள் சீராக அடிப்பதில்லை. படிகள் போய், சீரற்ற கீறல்கள் மட்டும் இருந்தன. அந்த இடத்தில் மென்பொருள் சொல்லும் எந்த எண்ணையும் நம்பக்கூடாது.

ஏறினால் கேள்வி என்று அர்த்தமா?

இங்கேதான் கவனம் தேவை. படம் சொல்வது குரல் ஏறியது என்று மட்டுமே. ஏன் ஏறியது என்று அது சொல்லாது.

தமிழில் பட்டியல் போடும்போதும் குரல் ஏறும். "கத்திரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய்" என்று சொல்லிப் பாருங்கள். இன்னும் முடியவில்லை, அடுத்து ஒன்று வருகிறது என்பதைக் குரலே சொல்கிறது. "பணம் வந்துடும்" என்பதற்குப் பிறகு "ரெண்டு நாள்ல" வருகிறது. அது ஒரே வாக்கியத்தின் தொடர்ச்சியாகவும் இருக்கலாமே?

அதனால் அவருடைய குரலை அவருடைய குரலோடுதான் ஒப்பிட வேண்டும். வேறொருவரின் அளவை இங்கே கொண்டுவரக் கூடாது. அதே பதிவில் அவர் உறுதியாக முடித்த வாக்கியம் "நானும் சரின்னு கட்டினேன்". அதன் கடைசி அசையில் நான்காவது படி 680இலிருந்து 600க்கு இறங்கியது. சுருதி 170இலிருந்து 150. அவர் பட்டியல் போட்ட இடம் "பேங்க் பேரு, கார்டு நம்பர்". அங்கே ஒவ்வொரு முடிவிலும் குரல் ஏறியது, ஆனால் 180இலிருந்து சுமார் 215 வரைதான். "வந்துடும்" ஏறியதோ 260 வரை.

அவருடைய பட்டியல் ஏற்றத்தைவிட இது இரண்டு மடங்கு பெரிய ஏற்றம். கேள்வியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் படத்திடம் கேட்க எதுவும் இல்லை.

படத்திடம் அளவுக்கு மீறிக் கேட்டவர்கள் உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா 1962இல், விரல் ரேகையைப்போல் ஸ்பெக்ட்ரோகிராமை வைத்தே ஆளை அடையாளம் காணலாம் என்று எழுதினார். அமெரிக்க நீதிமன்றங்கள் வரை அது போனது. 1979இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு அதை ஆராய்ந்து, நீதிமன்றத்தில் பயன்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை என்று அறிக்கை கொடுத்தது. ஒரே ஆள் ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னாலே படம் அச்சாக ஒன்றுபோல் வராது. இன்றைக்கும் தொலைக்காட்சித் தொடர்களில் இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து "இவன்தான்" என்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

எங்களுக்கு அதைவிட எளிய வழி ஒன்று இருந்தது. அந்த மாதின் எண்ணுக்கு மறுபடியும் அழைத்தேன். "ஆன்ட்டி, 'பணம் வந்துடும்'னு சொன்னீங்களே, அது அவன் சொன்னதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான்தான் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு நாள்லன்னான்."

வசன வரியில் கேள்விக்குறி போட்டோம். "ரெண்டு நாள்ல" என்பதை அடுத்த வரிக்கு இறக்கி, மேற்கோளுக்குள் வைத்து, அதை அந்த ஆடவர் சொன்னதாகக் காட்டினோம்.